2.7 எப்படி 2.3 ஆனது: ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு நான் அனுப்பிய ஆட்சேபக் கடிதம்

ஆகஸ்ட் 11-ஆம் தேதி மாலை, ஜெர்மனியில் நான் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்த பல்கலைக்கழகத்தின் போர்ட்டலில் ஒரு பிடிஎஃப் வந்து விழுந்தது. இரண்டு பக்கம், முழுக்க ஜெர்மன். எனக்கு அப்போது ஏ2 அளவுக்குத்தான் ஜெர்மன் தெரியும். ஆனாலும் முதல் பத்தியிலேயே விஷயம் புரிந்துவிட்டது. இடம் இல்லை. காரணமும் ஒரே வரியில் இருந்தது: இளங்கலையில் எனது மதிப்பெண் ஜெர்மன் கணக்குப்படி 2.7, படிப்பில் சேரத் தேவையானது 2.5 அல்லது அதைவிட நல்லது. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 என்றால் தப்பித்துத் தேர்ச்சி. எண் குறையக் குறைய நல்லது.

அன்றிரவு நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். அட்மிஷன் அலுவலகத்துக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்தே இயந்திரங்கள் மீது ஆர்வம், விருதுநகரில் அப்பாவின் வருமானத்தில் படித்து வந்தது, வங்கியில் கல்விக்கடனுக்குக் கையெழுத்துப் போட்டு வைத்திருப்பது என்று ஒன்றரைப் பக்கம். கடைசி வரி, "கருணை கூர்ந்து எனது விண்ணப்பத்தை மறுபரிசீலனை செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்." நமக்கு விடுப்புக் கடிதத்திலிருந்து கலெக்டர் ஆபீஸ் மனு வரை எழுதிப் பழகியது இந்த நடைதானே. நல்லவேளை, அனுப்புவதற்கு முன் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியரான அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவர் அப்போது ஜெர்மனியில் முதுகலையின் கடைசிப் பருவத்தில் இருந்தார்.

அவர் உடனே போன் செய்தார். "இதை அனுப்பாதம்மா. நீ எழுதியிருக்கிறது எல்லாம் உண்மைதான். ஆனா இதைப் படிக்கிறவங்க மனசு இரங்கினாலும் அவங்களால எதையும் மாத்த முடியாது. அவங்க கையில ஒரு விதி இருக்கு. அந்த விதிப்படி நீ உள்ள வர்றேன்னு காட்டினாத்தான் மாத்த முடியும். முதல்ல கடிதத்தோட கடைசிப் பத்தியைப் படி."

கடைசிப் பத்தியை நான் படிக்கவே இல்லை. யாருமே படிப்பதில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அது அச்சடித்து வைத்த வாசகம் போலத் தெரியும். ஆனால் ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் ஓர் அரசு அலுவலகம் மாதிரி. அது அனுப்பும் நிராகரிப்பு வெறும் தகவல் அல்ல, நிர்வாக ஆணை. அந்த ஆணையை எதிர்த்து எங்கே, எத்தனை நாளுக்குள், எந்த வடிவத்தில் போகலாம் என்பதை அந்தக் கடைசிப் பத்தி சொல்லிவிடும். எனக்கு வந்த கடிதத்தில், ஆணை கிடைத்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் பல்கலைக்கழகத்துக்கே எழுத்து மூலமாக ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. இதை அவர்கள் மொழியில் வீடர்ஷ்ப்ருக் என்பார்கள்.

எல்லா இடத்திலும் இந்தப் படி கிடையாது. நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியா போன்ற மாநிலங்களில் பெரும்பாலான விஷயங்களுக்கு ஆட்சேபம் என்ற நிலையையே எடுத்துவிட்டார்கள். அங்கே நேரடியாக நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத்தான். உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தி நீதிமன்றத்தின் பெயரைச் சொன்னால், பல்கலைக்கழகத்துக்கு ஆட்சேபம் எழுதிக்கொண்டிருப்பதில் நாள் போய்விடும். ஆகவே அந்தப் பத்தியை மட்டுமாவது ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து வார்த்தை வார்த்தையாகப் புரிந்துகொள்ளுங்கள்.

சரி, விதிப்படி நான் உள்ளே வருகிறேனா? அதைப் பார்க்கக் கணக்கைத் திறக்க வேண்டியிருந்தது. வெளிநாட்டு மதிப்பெண்ணை ஜெர்மன் எண்ணாக மாற்ற அங்கே பரவலாகப் பயன்படுத்துவது, திருத்தப்பட்ட பவேரியச் சூத்திரம்.

```
x = 1 + 3 × (Nmax − Nd) / (Nmax − Nmin)
```

இதில் Nmax என்பது நமது முறையில் எடுக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண். Nd நாம் எடுத்தது. Nmin தேர்ச்சிக்குத் தேவையான குறைந்தபட்சம். என் சிஜிபிஏ 7.7, அதிகபட்சம் 10. இந்த இரண்டிலும் சந்தேகமே இல்லை. கடிதத்தில் 2.7 என்ற விடை மட்டும் இருந்தது, அதற்கு என்ன Nmin எடுத்தார்கள் என்று சொல்லவில்லை. நான் ஒரு தாளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 4 என்று வைத்தால் 2.15 வருகிறது. 5 என்று வைத்தால் 2.38. 6 என்று வைத்தால் 2.725. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கத்தோடு வெட்டினால் 2.7. ஆக, அவர்கள் 6 எடுத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னேன். "கணக்கு சரிதானே, நமக்கு 6 தானே பாஸ்" என்றார். அவருக்கு அப்படித்தான். அவர் சேர்ந்த வருடத்தில் நடைமுறையில் இருந்த விதிமுறையில் பி கிரேடுதான் கடைசித் தேர்ச்சி, அதற்கு 6 புள்ளி. அதற்குக் கீழே போனால் அரியர். அவருடைய விண்ணப்பத்திலும் 6 வைத்துத்தான் கணக்குப் போட்டிருந்தார்கள்.

எனக்கு நினைவுக்கு வந்தது என் ஹாஸ்டல் அறைத்தோழியின் மார்க் ஷீட். அவள் ஒரு கணிதத் தாளில் சி வாங்கி, அரியர் இல்லாமல் தப்பித்த நாளில் எங்கள் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள். சி கிரேடுக்கு 5 புள்ளி. 2021-இல் சேர்ந்த எங்களுக்கு விதிமுறை மாறியிருந்தது. பழைய விதிமுறையில் இல்லாத சி என்ற கிரேடை, 5 புள்ளியோடு, தேர்ச்சியாகச் சேர்த்திருந்தார்கள். எனக்கு எந்தத் தாளிலும் சி வராததால் என் மார்க் ஷீட்டின் முன்பக்கத்தில் அந்த எழுத்தே இல்லை. கிரேடு அட்டவணை பின்பக்கத்தில் இருந்தது. நான் விண்ணப்பத்துக்கு முன்பக்கத்தை மட்டும்தான் ஸ்கேன் செய்திருந்தேன்.

இப்போது விஷயம் தெளிவாகிவிட்டது. எனக்குப் பொருந்தும் Nmin 5. அதை வைத்தால் 2.38, அதாவது 2.3. தேவையானது 2.5. அங்கே அந்த எண்ணைக் கணக்கிட்டவரைக் குறை சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து வருடக்கணக்காக வந்த விண்ணப்பங்களுக்கெல்லாம் 6 பொருந்தியிருக்கும். என் விண்ணப்பத்தில் அது மாறியிருக்கிறது என்று சொல்லும் ஒரு தாள்கூட இல்லை.

அடுத்த நாள் அட்மிஷன் அலுவலகத்துக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். என் விண்ணப்ப எண்ணைக் கொடுத்து, 2.7 என்ற கணக்கீட்டில் குறைந்தபட்சத் தேர்ச்சியாக எந்த எண் எடுக்கப்பட்டது என்று தெரிவிக்க முடியுமா என்று மட்டும் கேட்டேன். வாதம் எதுவும் இல்லை. நான்கு நாளில் பதில் வந்தது: 6. ஊகித்தது உறுதியானது. இந்த மின்னஞ்சலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இப்படி விசாரிப்பதால் ஒரு மாதக் கெடு நிற்காது. "மெயில் போட்டிருக்கோம், பதில் வரட்டும்" என்று உட்கார்ந்திருந்து கெடுவைக் கோட்டைவிட்ட இருவரை எனக்கே தெரியும். சாதாரண மின்னஞ்சல் எழுத்து மூலமான ஆட்சேபமாகவும் கணக்கில் வராது. கையெழுத்திட்ட காகிதம் அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும், அதுவும் கெடுவுக்குள். தபாலில் போட்ட தேதி உதவாது, சேர்ந்த தேதிதான் கணக்கு.

எனக்கு இருந்த சிக்கல், ஆதாரத்தைத் தயாரிக்க எத்தனை நாளாகும் என்று தெரியாதது. விதிமுறைப் புத்தகம் இணையத்திலேயே கிடைக்கும். ஆனால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் பார்க்கும் ஒருவரிடம் நீண்ட பிடிஎஃப் ஒன்றைக் கொடுத்து, இதில் எங்கோ இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள் என்பது சரியல்ல. அந்த விதிமுறை எனக்குத்தான் பொருந்துகிறது என்பதை அந்தப் புத்தகம் சொல்லவும் சொல்லாது. பல்கலைக்கழகத் தேர்வுத் துறையிடமிருந்து என் பெயருக்கு முத்திரையோடு ஒரு கடிதம் வேண்டும்.

இந்த இடத்தில்தான் அக்கா எனக்கு மிகப் பயனுள்ள ஒன்றைச் சொன்னார். ஆட்சேபத்தையும் அதற்கான காரணத்தையும் ஒரே நாளில் தர வேண்டியதில்லை. முதலில் கெடுவைக் காப்பாற்ற ஒரு பக்கக் கடிதம், காரணமும் ஆதாரமும் பின்னால். ஆகஸ்ட் 18 அன்று கூரியரில் அனுப்பிய என் முதல் கடிதத்தில் இவ்வளவுதான் இருந்தது (ஜெர்மனில் அக்கா எழுதிக் கொடுத்தார், அங்கே அலுவலக மொழி ஜெர்மன்தான் என்பதால்):

"பொருள்: ஆகஸ்ட் 11 தேதியிட்ட தங்கள் நிராகரிப்பு ஆணைக்கு ஆட்சேபம். மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர், மேற்கண்ட ஆணைக்கு எதிராக இதன்மூலம் உரிய காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கிறேன். மதிப்பெண் மாற்றக் கணக்கீடு தொடர்பான எனது விளக்கத்தையும் என் பல்கலைக்கழகத்தின் சான்றையும் செப்டம்பர் 12-க்குள் தனியாக அனுப்புகிறேன். இக்கடிதம் கிடைத்ததை உறுதிப்படுத்தினால் நன்றியுடையவளாக இருப்பேன்."

மேலே விண்ணப்ப எண், பிறந்த தேதி, படிப்பின் பெயர், எந்தப் பருவத்துக்கான விண்ணப்பம் என்பவை. கீழே நீல மையில் கையெழுத்து. கூரியர் ஆகஸ்ட் 25 அன்று சேர்ந்ததை டிராக்கிங்கில் பார்த்து, அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்தேன். அதன் பிறகுதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கமே வந்தது.

இடையில் தேர்வுத் துறைக் கடிதத்துக்காகச் சென்னை போனேன். கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம், கட்டணம் கட்டிய ரசீது, மார்க் ஷீட் நகல்கள் எல்லாம் கையில் இருந்தன. கவுன்டரில் இருந்தவர் பொறுமையானவர். "ரெகுலேஷன் வெப்சைட்லயே இருக்கேம்மா, பிரிண்ட் எடுத்து அனுப்ப வேண்டியதுதானே" என்றார். என் பெயரும் பதிவு எண்ணும் போட்டு ஒரு கடிதம் வேண்டும் என்று விளக்கினேன். வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்து முதல் கடிதம் தயாராகி, அதன் நகல் என் கைக்கு வந்தபோது மனசு உடைந்துவிட்டது. "இம்மாணவி முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றுள்ளார், பயிற்று மொழி ஆங்கிலம்" என்று இருந்தது. அவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் சான்று அது. ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை, ஆனால் எனக்கு எந்த உபயோகமும் இல்லை.

அப்போதுதான் புரிந்தது, என்ன வாசகம் வேண்டும் என்று நானே எழுதிக் கொண்டுபோயிருக்க வேண்டும். அங்கேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினேன். இந்தப் பதிவு எண் கொண்ட மாணவி 2021 விதிமுறையின் கீழ் பட்டம் பெற்றவர். அந்த விதிமுறையில் அதிகபட்ச கிரேடு பாயிண்ட் 10, தேர்ச்சிக்கான குறைந்தபட்ச கிரேடு பாயிண்ட் 5. முந்தைய விதிமுறையில் இது 6 ஆக இருந்தது. மூன்றே வாக்கியம். மூன்றாவது வாக்கியத்தைச் சேர்த்தது எனக்கு இன்றும் திருப்தி தரும் விஷயம். ஏற்கெனவே 6 என்ற எண்ணைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு, அவர் வைத்திருந்த எண் ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது, இப்போது மாறியிருக்கிறது என்று அது சொல்லிவிடுகிறது. அப்படிச் சொல்லாவிட்டால் இரண்டு ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவதாகத் தோன்றும். முரண்பட்டால் பழையதையே பிடித்துக்கொள்வார்கள். செப்டம்பர் 3 அன்று கடிதம் சரியான வாசகத்தோடு, கையெழுத்தும் முத்திரையுமாகக் கிடைத்தது.

விளக்கக் கடிதத்தை எழுத மூன்று நாள் எடுத்தேன். எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்பதில்தான் நேரம் போனது. ஆகஸ்ட் மாதத்தில் எனக்கு ஒரு தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கிடைத்திருந்தது. ஐஈஎல்டிஎஸ் மறுபடி எழுதி அரை பேண்டு கூடியிருந்தது. இரண்டையும் இணைக்க ஆசைப்பட்டேன். அக்கா வேண்டாம் என்றார், காரணமும் சொன்னார். விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஜூலை 15. அந்தக் கெடு இறுக்கமானது. அதற்குப் பிறகு கிடைத்த தகுதிகளை அந்தப் பருவத்துக்கு அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எடுத்தால் மற்ற விண்ணப்பதாரர்களுக்கு அநியாயம். புது ஆதாரம் என்றால் ஜூலை 15-க்குப் பின் நான் சாதித்ததைக் காட்டுவது அல்ல. ஜூலை 15 அன்றே உண்மையாக இருந்து, அவர்கள் கண்ணில் படாமல் போனதைக் காட்டுவது.

இந்த வேறுபாட்டை நான் பிடித்துக்கொண்ட பிறகு கடிதம் தானாக ஒழுங்குக்கு வந்தது. தேர்வுத் துறையின் கடிதத் தேதி செப்டம்பர் என்றாலும் அது சொல்லும் விஷயம் 2021 முதலே இருப்பது. நான் அனுப்பிய மார்க் ஷீட்டிலும் என் சேர்க்கை ஆண்டு இருக்கிறது. அதை வெளிப்படையாக ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் "காலம் கடந்து வந்த ஆவணம்" என்று ஒதுக்கிவிடலாம். இன்டர்ன்ஷிப்பையும் ஐஈஎல்டிஎஸ்ஸையும் கூடவே வைத்திருந்தால், நல்ல ஆதாரமும் அவற்றோடு சேர்ந்து காலம் கடந்ததாகத் தெரிந்திருக்கும்.

நான் அனுப்பியதன் தமிழ் வடிவம் இது. கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

"ஆகஸ்ட் 25 அன்று தங்களுக்குக் கிடைத்த எனது ஆட்சேபத்துக்கான விளக்கத்தை இதனுடன் சமர்ப்பிக்கிறேன். கணக்கீட்டின் அடிப்படையைத் தெரிவித்த தங்கள் மின்னஞ்சலுக்கு நன்றி.

எனது மதிப்பெண்ணை மாற்றும்போது குறைந்தபட்சத் தேர்ச்சிப் புள்ளியாக 6 எடுக்கப்பட்டுள்ளது. எங்கள் பல்கலைக்கழகத்தின் முந்தைய விதிமுறைக்கு அது சரியானது. நான் படித்தது 2021 விதிமுறையின் கீழ். அதில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சம் 5. இதை உறுதிசெய்யும் தேர்வுத் துறையின் சான்றை இணைப்பு 1 ஆகவும், எனது மதிப்பெண் சான்றின் பின்பக்கத்திலுள்ள கிரேடு அட்டவணையை இணைப்பு 2 ஆகவும் தருகிறேன். விண்ணப்பத்தின்போது முன்பக்கத்தை மட்டுமே பதிவேற்றியிருந்தேன் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தாங்கள் பயன்படுத்தும் அதே சூத்திரத்தில் 5 என்ற மதிப்பை இட்டால், 1 + 3 × (10 − 7.7) / (10 − 5) = 2.38 கிடைக்கிறது. சேர்க்கை விதியில் கோரப்படும் 2.5 என்ற வரம்பை இது நிறைவுசெய்கிறது.

இணைப்புகள் எந்தப் புதிய தகுதியையும் சேர்க்கவில்லை. ஜூலை 15-க்கு முன் நான் சமர்ப்பித்த மதிப்பெண்ணை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மட்டுமே விளக்குகின்றன. ஆகவே ஆகஸ்ட் 11 ஆணையை விலக்கிக்கொண்டு, சரியான மதிப்பின் அடிப்படையில் எனது விண்ணப்பத்தை மீண்டும் முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். வேறு ஆவணம் தேவைப்பட்டால் உடனே அனுப்புகிறேன்."

மொத்தம் ஒரு பக்கம். முதல் இரவு எழுதிய ஒன்றரைப் பக்கத்திலிருந்து ஒரு வரிகூட இதில் இல்லை. மரியாதை எங்கே இருக்கிறது என்று பார்த்தால், "அது சரியானது" என்ற இடத்தில் இருக்கிறது என்பேன். முதல் வரைவில் "தாங்கள் தவறான எண்ணைப் பயன்படுத்தியுள்ளீர்கள்" என்று எழுதியிருந்தேன். அதுவும் உண்மைதான். ஆனால் அப்படி எழுதினால் படிப்பவர் முதலில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் யோசிப்பார். அவர் எண்ணுக்கு ஒரு நியாயம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால், மாற்றுவது அவருக்கும் எளிது. அதேபோல் என் பங்கிலிருந்த குறையை ஒரே வரியில் நானே சொல்லிவிட்டேன். அதை மறைத்திருந்தால் அவர்கள் பதில் அதிலிருந்துதான் தொடங்கியிருக்கும். கணக்கை முழுதாக எழுதியதற்கும் காரணம் உண்டு. சரிபார்ப்பவர் கால்குலேட்டரில் தட்டிப் பார்க்க அரை நிமிடம் போதும், வேறெந்தக் கோப்பையும் திறக்க வேண்டியதில்லை.

கேட்டது என்ன என்பதும் முக்கியம். "எனக்கு இடம் கொடுங்கள்" என்று கேட்கவில்லை. ஆணையை விலக்கி மறுபடி முடிவுசெய்யுங்கள் என்றுதான் கேட்டேன். 2.5 வரம்பைத் தாண்டினாலே சேர்த்துக்கொள்ளும் படிப்பு இது, இருந்தாலும் இடம் தருவது அவர்கள் எடுக்கும் முடிவு.

இதே சமயத்தில் இன்னொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் எனக்கு நிராகரிப்பு வந்திருந்தது. அங்கே தேர்வுக் குழு என் நோக்கக் கடிதத்துக்கும் பாடத்திட்டப் பொருத்தத்துக்கும் புள்ளிகள் போட்டு, மொத்தம் போதவில்லை என்றது. அதற்கு நான் ஆட்சேபம் எழுதவில்லை. பேராசிரியர்கள் படித்துப் பார்த்துப் போட்ட புள்ளியை, எனக்கு ஒப்புதல் இல்லை என்பதற்காக யாரும் மாற்ற மாட்டார்கள். ஒரு பக்கத்தைப் பார்க்காமல் விட்டார்கள், கூட்டலில் பிழை, விதியில் இல்லாத ஒன்றைக் கோரினார்கள் என்று காட்ட முடிந்தால் வேறு விஷயம். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. ஆட்சேபம் தோற்றால் சில இடங்களில் கட்டணமும் கேட்பார்கள். அப்பாவிடம் அந்தச் செலவையும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விளக்கக் கடிதம் செப்டம்பர் 10 அன்று சேர்ந்தது. பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை. இரண்டு முறை மின்னஞ்சல் எழுத உட்கார்ந்து, எழுதாமல் எழுந்துவிட்டேன். கிடைத்ததற்கான உறுதி ஏற்கெனவே வந்திருந்ததால் நினைவூட்டுவதற்கு எதுவும் இல்லை.

அக்டோபர் 2 அன்று புது ஆணை வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டது, ஆகஸ்ட் 11 ஆணை விலக்கப்பட்டது, மதிப்பு 2.3 என்று திருத்தப்பட்டது, நடப்புப் பருவத்துக்கு இடம் வழங்கப்பட்டது. அம்மா சாமி படத்துக்கு முன்னால் அந்தப் பிரிண்டை வைத்துக் கும்பிட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆனால் அன்று மதியமே அடுத்த பிரச்சினை தெரிந்தது. வகுப்பு அக்டோபர் நடுவில் தொடங்குகிறது. விசா நேர்காணலுக்கு அப்பாயின்ட்மென்ட்டே மாதக்கணக்கில் இழுக்கும். கிடைத்த இடத்தை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது, சேர்க்கை ஆணை அந்தப் பருவத்துக்கு மட்டும்தான், ஏப்ரல் பருவத்துக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள், கடைசித் தேதி ஜனவரி 15 என்று பதில் வந்தது. கனிவாகத்தான் எழுதியிருந்தார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஆட்சேபம் எழுதுகிறவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. சட்டப்படி வெல்வது ஒன்று, அந்தப் பருவத்தில் வகுப்பில் போய் உட்காருவது இன்னொன்று. எனக்கு இது முன்பே தெரிந்திருந்தாலும் எழுதியிருப்பேன். 2.7 என்ற எண் என் கோப்பில் அப்படியே இருந்திருந்தால் ஜனவரியிலும் அதே கதவில்தான் முட்டியிருப்பேன்.

நவம்பரில் மறுபடி விண்ணப்பித்தேன். இந்த முறை மார்க் ஷீட்டின் இரண்டு பக்கங்களையும் ஸ்கேன் செய்தேன். அதற்கு மேலே தேர்வுத் துறையின் மூன்று வாக்கியக் கடிதம், அதற்கும் மேலே அக்டோபர் 2 ஆணையின் நகல். ஆகஸ்ட்டில் வாங்கிய இன்டர்ன்ஷிப் சான்றிதழும் புது ஐஈஎல்டிஎஸ்ஸும் இப்போது கெடுவுக்கு முன்பே என்னிடம் இருந்தவை என்பதால் அவையும் உள்ளே போயின. சேர்க்கை ஆணை வந்த அன்று அறைத்தோழிக்குப் போன் செய்து, அவள் வாங்கிய அந்த சி கிரேடைப் பற்றிச் சொன்னேன். இந்த முறை பரோட்டா நான் வாங்கிக் கொடுத்தேன்.